சிவப்பு வட்டத்துக்குள் விழுந்த சொற்கள்

வாசகர் கேள்வி

நான் கொழும்பில் தரம் 10க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். வேலையோடு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் படிக்கிறேன். "மாணவர் எழுத்தைத் திருத்தும்போது எனக்கிருக்கும் பக்கச்சார்பு" என்று ஒரு பிரதிபலிப்புக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக இரண்டாம் தவணைக் கட்டுரைத் தாள்களில் பத்தை எடுத்து, பெயரை மறைத்து, மறுபடி திருத்திப் பார்த்தேன். பதுளைப் பக்கமிருந்து வந்து இங்கே மாமா வீட்டில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு முதலில் 20க்கு 11 போட்டிருந்தேன், இப்போது 14 வந்தது. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையின் 18, 15 ஆகிவிட்டது. எனக்கு எந்தப் பிள்ளை மேலும் வெறுப்புக் கிடையாது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஆசிரியை புள்ளி போடுவதில் என்ன பக்கச்சார்பு வரப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். இதை அப்படியே எழுதினால் மலையகப் பிள்ளைகளை ஒதுக்குகிறவள் என்று என் பெயர் பதிவாகிவிடாதா? பொதுவாக எழுதிச் சமாளிக்கலாமா? அந்தப் பிள்ளையின் புள்ளியை மாற்ற வேண்டுமா? அதிபரிடம் சொல்ல வேண்டுமா? இரண்டு தடவை போட்ட புள்ளிகளையும், அந்த இரு பிள்ளைகளின் தாள்களையும், பதுளைப் பிள்ளை மூன்றாம் தவணையில் எழுதிய ஒரு கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய தாள்களை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவள் நான். பிறகு ஆசிரிய மாணவர்களுக்குக் கணிப்பீடு படிப்பித்தேன். புள்ளிகளை விடத் தாள்களே எனக்கு அதிகம் சொல்லின. இருந்தாலும் புள்ளியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

11 என்பது 14 ஆனதும், 18 என்பது 15 ஆனதும் பக்கச்சார்புக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டீர்கள். அது மட்டும் சாட்சி ஆகாது. ஒரே ஆள் ஒரே கட்டுரையை இரண்டு தடவை திருத்தினால் புள்ளி கொஞ்சம் ஆடும். வேறு வேறு ஆட்கள் திருத்தினால் இன்னும் ஆடும். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பிரதி எடுத்துப் பல பாடசாலை ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்குப் போட்ட புள்ளிகள் அறுபதுகளில் இருந்து 98 வரை வந்தன. அதில் யாருக்கும் அந்தப் பிள்ளை யாரென்றே தெரியாது. இது தளம்பல்.

இன்னொன்றும் உண்டு. முதல் தடவையில் ஆகக் கூடிய புள்ளியும் ஆகக் குறைந்த புள்ளியும் பெற்ற தாள்களை மறுபடி திருத்தினால், கூடியது கொஞ்சம் இறங்கும், குறைந்தது கொஞ்சம் ஏறும். அந்த உச்சப் புள்ளியில் அன்றைய தளம்பலும் கலந்திருக்கும், அடுத்த தடவை அது அதே பக்கம் விழாது. ஆகவே உங்கள் இரண்டு உதாரணங்களையும் ஒரு கண்டிப்பான விரிவுரையாளர் "இது சாதாரண தளம்பல்தானே" என்று தள்ளிவிட முடியும்.

தளம்பலா, சாய்வா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தளம்பல் இரண்டு பக்கமும் போகும். சாய்வு ஒரே வகைப் பிள்ளைக்கு ஒரே பக்கம் போகும். உங்கள் பட்டியலில் மற்ற எட்டுத் தாள்களைப் பாருங்கள். மூன்று அப்படியே நிற்கின்றன, மூன்று ஒரு புள்ளி ஏறியிருக்கின்றன, இரண்டு ஒரு புள்ளி இறங்கியிருக்கின்றன. அதாவது உங்கள் கை வழக்கமாக ஆடும் தூரம் ஒரு புள்ளிதான். நல்ல உறுதியான கை அது. முதலில் 11உம் 12உம் எடுத்த வேறு இரண்டு பிள்ளைகளுக்கு மறுபடி 11உம் 13உம் வந்திருக்கின்றன. அந்தக் குறைந்த இடத்தில் இருந்த மற்றவர்கள் பெரிதாக ஏறவில்லை, அந்தப் பிள்ளை மட்டும் மூன்று ஏறியிருக்கிறாள். இதைத்தான் கவனிக்க வேண்டும். 14 என்ற எண்ணைத் தனியாக எடுத்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

மூன்று புள்ளி எங்கே போனது

நல்ல வேளையாக இரண்டு தடவையும் பிரிவு பிரிவாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு முதலில் உள்ளடக்கம் 8க்கு 5, ஒழுங்கமைப்பு 4க்கு 2, மொழிநடை 5க்கு 2, எழுத்தும் நிறுத்தக்குறியும் 3க்கு 2. இரண்டாம் தடவை 6, 3, 3, 2. எழுத்துப் பிழை எண்ணிப் போடும் புள்ளி, அது அசையவே இல்லை. உங்கள் மனம் தீர்மானிக்க வேண்டிய மூன்று இடங்களிலும் ஒவ்வொரு புள்ளி கூடியிருக்கிறது.

இப்போது தாளைப் பாருங்கள். தலைப்பு "எங்கள் ஊரில் ஒரு காலைப் பொழுது". பிள்ளை எழுதுகிறாள்: "விடிய முன்னமே அம்மா பெரட்டுக்குப் போய்விடுவார். மலையில் கொழுந்து குறைந்த நாளில் அரைப் பேர்தான் கிடைக்கும். அன்றைக்கு அம்மா பேசாமல் இருப்பார்." இதில் "பெரட்டு", "மலையில்", "அரைப் பேர்" மூன்றையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, ஓரத்தில் "பேச்சுவழக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையின் தாளில் நான்காவது வரி: "அப்பா வேலைக்கு வெளிக்கிட்டதும் நாங்கள் கிணற்றடியில் கதைத்துக்கொண்டிருப்போம்." இரண்டு பத்தி தள்ளி "பின்னேரம்" வருகிறது. ஒரு வட்டமும் இல்லை. அந்த இடத்தில் ஒரு சரி அடையாளம்கூடப் போட்டிருக்கிறீர்கள்.

"வெளிக்கிடுதல்" எங்கள் பக்கத்துச் சொல். நானும் வடக்கில் பிறந்தவள், அதனால் எங்கள் என்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு திருத்துநர் கையில் அந்தத் தாள் போயிருந்தால் முதல் வட்டம் அதற்குத்தான் விழுந்திருக்கும். உங்கள் காதுக்கு அது சாதாரணத் தமிழ். "பெரட்டு" உங்கள் காதுக்குப் புதிது, ஆகவே பிழை. காலையில் தொழிலாளரைக் கூட்டிப் பேர் எடுத்து வேலைக்கு அனுப்பும் அந்த நிகழ்வுக்கு வேறு என்ன தமிழ்ச் சொல் இருக்கிறது? "அரைப் பேர்" என்பதற்கு? குறித்த அளவு கொழுந்து பறிக்காத நாளுக்குப் பாதிச் சம்பளம் விழுவதை இரண்டு சொல்லில் சொல்லியிருக்கிறாள். அந்தக் கட்டுரையின் மிகச் சிறந்த வரி அதுதான் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் அதைப் பிழையாகப் பார்த்ததால் மொழிநடையில் ஒன்று குறைந்தது. வட்டங்கள் கண்ணில் பட்ட கையோடு உள்ளடக்கத்திலும் ஒழுங்கிலும் ஒவ்வொன்று குறைந்தது. ஒரு குணத்தைப் பற்றிய அபிப்பிராயம் மற்றக் குணங்களுக்குப் போடும் புள்ளிக்குள் கசிவதைத் தோர்ன்டைக் 1920இல் இராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளைப் பார்த்துச் சொன்னார். அதற்கு "ஒளிவட்ட விளைவு" என்று பெயர். உங்கள் தாளில் அது எதிர்ப்பக்கமாக நடந்திருக்கிறது. முதல் பிள்ளையின் தாளில் நேர்ப்பக்கமாக நடந்திருக்கலாம்.

ஆகவே, வெறுப்புக் கிடையாது என்று நீங்கள் எழுதியதை நான் முழுதாக நம்புகிறேன். இந்த மூன்று புள்ளி குறைவதற்கு வெறுப்பு தேவைப்படவில்லை. எது நல்ல தமிழ் என்று நீங்கள் வளர்ந்த வீடு சொல்லித் தந்ததோ, அது போதும். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் ஆசிரியை என்றதால் இது இன்னும் மறைவாக நடக்கிறது.

எனக்கும் இது நடந்தது. கொழும்பில் ஒரு பாடசாலையில் தவணைத் தாள் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளை "உம்மா" என்று எழுதியிருந்ததை வெட்டி மேலே "அம்மா" என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், பிள்ளை தாயை எப்படிக் கூப்பிடுது என்றதையுமா திருத்தப் போறீங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் மறக்கவில்லை. அன்று வரை எத்தனை "உம்மா"வையும் "வாப்பா"வையும் வெட்டியிருப்பேன் என்று கணக்கெடுக்க எனக்கு வழி இல்லை, அந்தத் தாள்கள் போய்விட்டன. உங்கள் கையில் தாள்கள் இருக்கின்றன.

பெயரை மறைத்தது போதுமா

போதாது. பெயருக்கு மேல் கடதாசி ஒட்டினீர்கள். கையெழுத்து தெரியும். நாள்தோறும் கொப்பி திருத்துகிறவருக்குக் கையெழுத்தும் பெயர்தான். கட்டுரைக்குள் "பெரட்டு" என்று இருந்தால் ஊரும் தெரியும். பொதுப் பரீட்சைகளில் பெயருக்குப் பதில் சுட்டெண் இருக்கிறது, அதனால் பெயர் மேல் இருக்கும் சாய்வு ஒழியும். ஆனால் பிள்ளையின் ஊர்த்தமிழை எந்தச் சுட்டெண்ணும் மறைக்காது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டாம் தடவை திருத்தும்போது உங்கள் பழைய சிவப்பு வட்டங்கள் தாளில் இருந்தன. பக்கச்சார்பைத் தேடுகிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். தன்னைத் தானே சோதிக்கிறோம் என்று தெரிந்தால் கை எதிர்ப்பக்கம் தாராளமாகப் போகும். ஆகவே 14தான் உண்மையான புள்ளி என்று இப்போதைக்குச் சொல்லாதீர்கள். அது 13 ஆகவும் இருக்கலாம்.

இதைச் சரியாகச் செய்ய ஒரு சனிக்கிழமை போதும். உங்கள் வகுப்பில் மலையகத்தில் இருந்து வந்த பிள்ளைகள் நான்கு பேர் என்று பட்டியலில் குறித்திருக்கிறீர்கள். பத்தில் ஒருவர்தான் இருந்தார். மற்ற மூவரின் தாள்களையும் எடுங்கள், அவர்கள் முதலில் எடுத்த அதே புள்ளியை எடுத்த வேறு மூன்று பிள்ளைகளின் தாள்களையும் எடுங்கள். யாராவது ஒரு நண்பியிடம் கொடுத்து, பெயரும் வட்டங்களும் இல்லாமல் கணினியில் தட்டச்சுச் செய்து வாங்குங்கள், எழுத்துப் பிழையையும் உள்ளபடியே விட்டு. கையெழுத்துப் பிரச்சினை அதோடு போய்விடும். வரிசையைக் கலைத்துப் போடுங்கள். முதல் தடவை இடாப்பு வரிசையில் திருத்தியிருந்தால், மிக நல்ல ஒரு தாளுக்கு அடுத்து வந்த தாள் உள்ளதை விட மோசமாகத் தெரிந்திருக்கும், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்புறம் ஒரு பிரதியை நீங்களும், இன்னொன்றை மலையகத்திலோ கிழக்கிலோ படிப்பித்த ஒரு ஆசிரியரும் தனித்தனியாகத் திருத்துங்கள். முடியும் வரை புள்ளியைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

திருத்தத் தொடங்க முன் இருவரும் ஒரே ஒரு விடயத்தில் உடன்பட வேண்டும்: எது பேச்சுவழக்கு. நான் மாணவ ஆசிரியர்களுக்குச் சொன்னது இதுதான். சொல்லையும் அதன் முடிபையும் பிரித்துப் பாருங்கள். "அம்மா பெரட்டுக்குப் போவார்" என்பதில் சொல் வட்டாரச் சொல், வினைமுடிபு எழுத்துத் தமிழ். "அப்பா வெளிக்கிட்டார்" என்பதும் அதே வகைதான். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். "அம்மா போறாங்க" என்பதிலும் "அவர்கள் போகினம்" என்பதிலும் முடிபே பேச்சு நடை. உரையாடலுக்குள் வந்தால் விடலாம், எழுதுகிறவர் தன் வாயால் சொல்லும் வரியில் வந்தால் குறைக்கலாம். மலையகத்துக்கு ஒரு சட்டம், வடக்குக்கு ஒரு சட்டம் இருக்கக் கூடாது. சந்தேகம் வரும் சொல்லுக்கு முன்னால், இதே இடத்தில் என் ஊர்ச் சொல் இருந்தால் வட்டமிடுவேனா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த தவணையில் ஒரு பழக்கத்தையும் மாற்றுங்கள். ஒரு தாளை எடுத்து நான்கு பிரிவுக்கும் ஒரேயடியாகப் புள்ளி போடாமல், 38 தாள்களுக்கும் முதலில் உள்ளடக்கம், ஒழுங்கு மட்டும், பேனையைக் கையில் எடுக்காமல் வாசித்து, வேறு ஒரு கடதாசியில் போடுங்கள். மொழிநடையை இரண்டாம் சுற்றில் பாருங்கள். நேரம் கூடும், ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாளுக்கும் இப்படி முடியாது என்பது எனக்குத் தெரியும், கட்டுரைக்கு மட்டுமாவது செய்யுங்கள்.

கட்டுரையில் எதை எழுதுவது

பொதுவாக எழுதிச் சமாளிக்க வேண்டாம். "ஆசிரியர்கள் எல்லோரிடமும் அறிந்தோ அறியாமலோ பக்கச்சார்பு உண்டு" என்று தொடங்கும் ஒப்படைகளை நூற்றுக்கணக்கில் வாசித்திருக்கிறேன். அதில் எழுதியவரைக் காண முடியாது. "'அரைப் பேர்' என்ற சொல்லை வட்டமிட்டேன். 'வெளிக்கிட்டதும்' என்ற சொல்லை வட்டமிடவில்லை. இரண்டும் வட்டாரச் சொற்கள். ஒன்று என் வீட்டுச் சொல்" என்று நான்கு வரி எழுதுங்கள். அதை வாசிக்கும் விரிவுரையாளர் உங்களைக் குற்றவாளி என்று பதிய மாட்டார். ஒழுக்காற்று விசாரணைக்கும் ஒப்படைக்கும் சம்பந்தம் இல்லை.

கிப்ஸ் 1988இல் வகுத்த சுழற்சியின்படி எழுதச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்: நடந்தது, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த திட்டம். பலர் உணர்வில் பாதிக் கட்டுரையைக் கரைத்துவிடுவார்கள். உங்களுக்கு வந்த வேதனைக்கு ஒரு பத்தி போதும். பகுப்பாய்வுக்கு இடம் விடுங்கள், நான்கு பிரிவுப் புள்ளிகளையும் அங்கே அட்டவணையாக வையுங்கள். எவ்வளவு தெரியும் என்பதற்கு மேல் போகாதீர்கள். ஒரு பிள்ளை, ஒரு தவணை, ஒரு கட்டுரை. "மலையகப் பிள்ளைகளுக்கு நான் குறைத்துப் போடுகிறேன்" என்று எழுத இது போதாது. மற்ற மூன்று தாள்களும் வந்த பிறகு என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள். சாய்வு இல்லை என்று வந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை அந்தப் பிள்ளையைப் பற்றி. நான்கே பேர் இருக்கும் வகுப்பில் "பதுளை", "மாமா வீடு" என்று எழுதினால் பாடசாலையில் யாருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். ஊர், உறவு, பால் மூன்றையும் எடுத்துவிடுங்கள். "மாணவர் அ" என்றால் போதும். தாயின் சம்பளம் பற்றிய அந்த வரியை மேற்கோள் காட்ட வேண்டுமானால் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். சொல்லை மட்டும் காட்டினால் கேட்கத் தேவையில்லை.

கொடுத்த புள்ளி

தேர்ச்சி அறிக்கை போய்விட்டது. அந்தப் பிள்ளையின் தமிழ்ப் புள்ளி 63, மூன்று கூடினால் 66. அதாவது C சித்தி B சித்தி ஆகும். சின்ன விடயம் என்று விட முடியாது. ஆனால் தனியே அந்தப் பிள்ளையின் புள்ளியை மட்டும், யாருக்கும் சொல்லாமல் மாற்றாதீர்கள். அப்படி மாற்றினால் மற்ற மூன்று பேருக்கு அதே தவறு நடந்திருந்தாலும் தெரியாமல் போகும். நாளைக்கு யாராவது கேட்டால், உதவி செய்ததாகத்தான் தெரியும்.

மறுதிருத்தம் முடிந்ததும், இரு திருத்துநரின் புள்ளிகளோடு முதலில் பகுதித் தலைவரிடம் போங்கள், அவர் மூலம் அதிபரிடம். "மொழிநடைக்கான அளவுகோலில் வட்டாரச் சொல் பற்றிய பிழை இருந்தது, அது பட்ட தாள்களை இருவர் மறுபடி திருத்தினோம், இவற்றை மாற்ற அனுமதி வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். அதிபர் மறுக்கலாம். அறிக்கையை மாற்ற மனம் இல்லாத அதிபர்கள் இருக்கிறார்கள். மறுத்தாலும் கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கட்டும், அடுத்த தவணைக்கு அளவுகோலை மாற்றும் அனுமதியையாவது அதே கடிதத்தில் கேளுங்கள். முதல் பிள்ளையின் 18ஐக் குறைக்க வேண்டாம். பிழை திருத்தியவருடையது, அந்தப் பிள்ளை அதற்கு விலை கொடுக்கக் கூடாது. இது என் தீர்ப்பு, வேறு விதமாகச் சொல்லும் ஆசிரியர்களும் இருப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் சும்மா இணைத்ததாக நினைக்கும் அந்த மூன்றாம் தவணைக் கட்டுரை. தலைப்பு "என்னைக் கவர்ந்த ஒருவர்". அந்தப் பிள்ளை மறுபடியும் தாயைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள். "அம்மா காலையில் வேலைக்குச் செல்வார். மாலையில் வீடு திரும்புவார். அவர் மிகவும் நல்லவர்." பெரட்டு இல்லை, கொழுந்து இல்லை, அம்மா பேசாமல் இருந்த நாளும் இல்லை. ஒரு வட்டமும் விழவில்லை. உள்ளடக்கத்துக்கு 8க்கு 4 போட்டு, "விவரம் போதாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 4 நியாயமான புள்ளிதான். விவரம் எங்கே போனது என்பது மட்டும் உங்களுக்கும் எனக்கும் இப்போது தெரியும்.

அதிபரின் பதிலுக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரண்டாம் தவணைத் தாளைப் பிள்ளையிடம் எடுத்துக்கொண்டு போங்கள், மற்றவர்கள் இல்லாத நேரத்தில். அந்த மூன்று வட்டங்களையும் அவள் முன்னாலேயே வெட்டி, பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பத்தை வையுங்கள். பிறகு "அரைப் பேர்" என்றால் என்ன, எத்தனை கிலோ குறைந்தால் அது விழும் என்று அவளிடமே கேளுங்கள்.